உடைந்ததும் உடைத்ததும்

பள்ளிக்கூடத் தமிழ் வகுப்பில் மாணவர்கள் சலித்துக்கொண்டே செய்யும் பயிற்சி ஒன்று உண்டு: பத்தியைப் படித்து, அதிலுள்ள வினைச்சொற்களை எல்லாம் பொறுக்கியெடுத்து, ஒவ்வொன்றின் பகுதியையும் எழுத வேண்டும். பகுதி என்றால் வேர்ச்சொல். காலமும் ஆளும் எண்ணும் ஒட்டுவதற்கு முன்னால் உள்ள வடிவம். ஓடினான், ஓடுகிறாள், ஓடாத, ஓடி ஆகிய நான்குக்கும் பகுதி 'ஓடு'. அகராதி தொகுப்பவரும், அயல்நாட்டவருக்குத் தமிழ் கற்பிப்பவரும், கணினியில் தமிழ்த் தேடலை அமைப்பவரும் தினமும் செய்வது இதே வேலைதான். 'ஓடு' என்று தேடினால் 'ஓடினான்' என்ற சொல்லுள்ள பக்கமும் வர வேண்டுமே!

வாலை நறுக்கினால் தலை கிடைக்கும் என்றுதான் முதலில் தோன்றும். ஓடினான் என்பதில் 'இனான்' போனால் ஓடு. பேசினாள், எழுதினார், தேடினோம் எல்லாம் இப்படியே ஒழுங்காக வழிவிடும். சிக்கல் வந்தான் என்ற சொல்லிலேயே வந்துவிடுகிறது. வாலை வெட்டினால் மிஞ்சுவது 'வ' மட்டும், பகுதியோ 'வா'. நன்னூல் வழியில் பிரித்தால், வா என்பது வ எனக் குறுகியது, சந்தியாக வந்த த் ந்-ஆகத் திரிந்தது, இன்னொரு த் இறந்தகால இடைநிலை, ஆன் ஆண்பால் விகுதி. நாலெழுத்துச் சொல்லுக்குள் இத்தனை நடந்திருக்கிறது.

ஒரு சிறு பத்தியை எடுத்து முழுதாகச் செய்து பார்த்தால் விஷயம் தெளிவாகும்.

"சந்தையிலிருந்து திரும்பிய பாட்டி, கூடையை இறக்கி வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாள். 'இந்த வெயில் ஆளைக் கொன்றுவிடும்' என்றாள். பேத்தி ஓடிவந்து மோர் தந்தாள். கூடைக்குள் பார்த்தபோது இரண்டு முட்டைகள் உடைந்திருந்தன. யார் உடைத்தார்கள் என்று கேட்டதற்குப் பாட்டி பதில் சொல்லவில்லை; கத்தரிக்காய் விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்."

வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் வினை என்று எடுப்பவர்களுக்கு உட்கார்ந்தாள், என்றாள், தந்தாள், உடைந்திருந்தன, சொல்லவில்லை, பேசிக்கொண்டிருந்தாள் ஆகிய ஆறு சொற்கள்தான் கிடைக்கும். இந்தப் பயிற்சியில் அதிகம் நடக்கும் பிழை இதுவே. தமிழ் வாக்கியத்தில் பெரும்பாலான வினைகள் நடுவில், எச்சங்களாக நிற்கின்றன. திரும்பிய என்பது பாட்டியைச் சிறப்பிக்கும் பெயரெச்சம், பகுதி திரும்பு. இறக்கி என்பது வினையெச்சம், பகுதி இறக்கு. 'பார்த்தபோது' என்பதில் பார்த்த என்ற பெயரெச்சத்தோடு 'போது' சேர்ந்திருக்கிறது. 'கேட்டதற்கு' இன்னும் தந்திரமானது. நான்காம் வேற்றுமை உருபு ஒட்டியிருப்பதால் அது பெயர்போல வேடம் கட்டி நிற்கிறது. உள்ளே இருப்பதோ கேள் என்ற வினை. சொல்லவில்லை என்பதிலும் பகுதி சொல்லே. எதிர்மறையாக இருப்பதால் வினை இல்லாமல் போய்விடாது.

எதிர்ப்பக்கத்துப் பிழையும் உண்டு. வினைபோலத் தெரிவதை எல்லாம் அள்ளிப் போடுகிறவர்கள் 'சந்தையிலிருந்து' என்பதிலிருந்து இரு என்ற பகுதியை உருவுவார்கள். 'பற்றி' என்பதிலிருந்து பற்று என்று எழுதுவார்கள். பிறப்பில் இரண்டும் வினையெச்சங்கள்தான். ஆனால் இந்தப் பத்தியில் யாரும் சந்தையில் இருக்கவும் இல்லை, விலையைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. அவை வேற்றுமை உருபின் வேலையைச் செய்யும் சொல்லுருபுகள். தெரிந்துகொள்ள எளிய வழி, 'யார் செய்தது?' என்று கேட்பது. திரும்பியது யார்? பாட்டி. பற்றியது யார்? பதில் இல்லை. பதில் இல்லாவிட்டால் பட்டியலில் இடமும் இல்லை. 'குறித்து', 'தவிர', 'விட' ஆகியவற்றையும் இந்தக் கேள்வியால் வடிகட்டலாம். 'யார் உடைத்தார்கள் என்று' என்பதில் உள்ள 'என்று' இங்கே வாக்கியங்களை இணைக்க மட்டும் வந்திருக்கிறது; அதை விட்டுவிடலாம். 'என்றாள்' அப்படி இல்லை. சொன்னது பாட்டி, பகுதி என்.

இனிப் பகுதி காணும் கட்டம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் இதற்கு ஒரு கருவி தந்திருக்கிறது. வினைப் பகுதி என்பது முன்னே நிற்பவரை ஏவும் சொல்லின் வடிவில் இருக்கும் என்பது அதன் கணக்கு. நட, வா, போ, உண், செல் என்று, கடைசி எழுத்து வாரியாக 23 மாதிரிகளையும் அது அடுக்குகிறது. ஆகவே வந்தவனைப் பார்த்து எப்படிக் கட்டளையிடுவோம் என்று யோசித்தால் போதும். தந்தாள் என்பதற்குத் தா. உட்கார்ந்தாள் என்பதற்கு உட்கார். கொன்றுவிடும் என்பதில் கொன்று எங்கே, கொல் எங்கே! எழுத்தைப் பார்த்தால் ஒட்டவே ஒட்டாது. ஏவிப் பார்த்தால் உடனே வரும்.

இறந்தகால வடிவங்கள் ஏமாற்றுவதுபோல வேறெதுவும் ஏமாற்றாது. கேட்டான், கெட்டான், நட்டான் மூன்றும் 'ட்டான்' என்று முடிகின்றன. பகுதிகளோ கேள், கெடு, நடு. கற்றான், பெற்றான் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. பகுதி முறையே கல், பெறு. கண்டான் என்பதற்குக் காண், உண்டான் என்பதற்கு உண். இங்கே இறந்தகாலத்தை விட்டுவிட்டு எதிர்காலத்துக்குப் போவது நல்லது. கேட்பான், கெடுவான், நடுவான், கற்பான், பெறுவான், காண்பான் என்று சொன்னதும் ஒன்றுக்கொன்று விலகி நின்றுவிடும். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் இதை மனத்துக்குள் ஒரு நொடியில் செய்துவிடுகிறார். வெளியாருக்கு ஒவ்வொன்றும் தனித்தனி மனப்பாடம்.

ஏவிப் பார்க்கும் முறைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. சோறு வெந்தது. சோற்றைப் பார்த்து 'வே' என்று யாரும் ஏவுவதில்லை. இப்படித் தானாக நடக்கும் செயல்களுக்கு 'செய' என்னும் வாய்பாட்டு எச்சத்தைச் சொல்லிப் பார்க்க வேண்டும்: வேக வேண்டும், வாட வேண்டும், நோக வேண்டும். அதிலிருந்து வே, வாடு, நோ என்று பகுதிக்கு வந்துவிடலாம்.

நமது பத்தியின் முட்டைக்கு வருவோம். முட்டைகள் உடைந்திருந்தன, யார் உடைத்தார்கள்? இரண்டுக்கும் பகுதி கேட்டால் 'உடை' என்று ஒரே விடை வருகிறது. வகுப்பில் அதற்கு மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் பட்டியலில் ஒரே ஒரு 'உடை' மட்டும் இருந்தால், தானாக நடந்ததும் ஒருவர் செய்ததும் ஒன்றாகிவிடுகிறது. பாட்டி பதில் சொல்லாமல் நழுவியதே அந்த வேறுபாட்டில்தான். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி இவற்றை உடை-தல், உடை-த்தல் எனப் பிரித்துக் காட்டுகிறது. ஒற்றை 'த்'தில் இருக்கிறது சங்கதி. 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி வேறு வழியை எடுத்தது: பகுதிக்கு அடுத்து அடைப்புக்குறிக்குள் இரண்டு எச்சங்களைத் தருகிறது. ஒன்றுக்கு உடைய, உடைந்து. மற்றதற்கு உடைக்க, உடைத்து. இந்த இரண்டு எச்சங்கள் கையில் இருந்தால் அந்த வினையின் மற்ற வடிவங்களை ஏறக்குறைய முழுதும் கட்டிவிடலாம் என்பதால், பட்டியல் போடுகிறவர்கள் பின்பற்ற இதுவே வசதியான முறை. அடைந்தான், அடைத்தான், படிந்தது, படித்தது, சேர்ந்தார், சேர்த்தார் என்று இந்த இரட்டைகள் தமிழில் ஏராளம்.

அடுத்தது, ஒரே சொல்லாக எழுதப்படும் வினைக் கூட்டம். 'பேசிக்கொண்டிருந்தாள்' என்பதற்குள் பேசு, கொள், இரு என மூன்று பகுதிகள். ஆனால் அவள் கொள்ளவும் இல்லை, தனியாக இருக்கவும் இல்லை. செய்தது பேச்சு ஒன்றே. கொள்ளும் இருவும், செயல் தொடர்ந்து நடந்ததைக் காட்ட வந்த துணைவினைகள். வைத்துவிட்டு, கொன்றுவிடும் என்பவற்றில் வரும் விடு, உடைந்திருந்தன என்பதில் வரும் இரு ஆகியவையும் அந்த வகையே. இவற்றைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதைத் தொடங்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். பாதி வழியில் மனம் மாறினால் எண்ணிக்கை குழம்பும். முதல்வினைகளை ஒரு வரிசையிலும் துணைவினைகளை வேறொரு வரிசையிலும் எழுதினால் சண்டையே இல்லை. 'ஓடிவந்து' என்பதில் மட்டும் பேத்தி ஓடவும் செய்தாள், வரவும் செய்தாள். இரண்டும் முதல் வரிசைக்கு. இதே அமைப்பில் இருக்கும் 'கண்டுபிடித்தான்' வேறு கதை. அங்கே காண், பிடி என்று உடைத்தால் பொருளே சிதறிவிடும். கண்டுபிடி என்று முழுதாகத்தான் எழுத வேண்டும்.

ஆக, பத்தியின் முதல்வினைகள்: திரும்பு, இறக்கு, வை, உட்கார், கொல், என், ஓடு, வா, தா, பார், உடை (உடைய, உடைந்து), உடை (உடைக்க, உடைத்து), கேள், சொல், பேசு. மொத்தம் 15. துணைவினைகள் விடு, இரு, கொள். சொல்லவில்லை என்பதில் உள்ள 'இல்லை' காலமோ ஆளோ காட்டாமல் ஒரே வடிவில் நிற்பது. அதையும் துணைவினைகளோடு குறித்து வைக்கலாம்.

கணினிக்கு இதைச் சொல்லித்தருவது தனி வித்தை. வெறும் வால் வெட்டும் நிரல், வந்தான் என்பதை 'வ' ஆக்கும். பாட்டி என்பதில் 'பாட்டு' தேடும். அதனால் பகுதிகளின் பட்டியலையும், ஒவ்வொன்றும் எந்த வகையில் திரியும் என்ற விதிகளையும் முதலில் ஊட்ட வேண்டும். தமிழிமார்ஃப் என்ற பகுப்பாய்வுக் கருவி இப்படி விதிகளால் இயங்குவது. ஆனால் தனிச் சொல்லைப் பிரிக்கத் தெரிந்த கருவிக்கும் வாக்கியம் தேவைப்படுகிறது. 'ஆடி' என்று கொடுத்தால் அது மாதத்தின் பெயரா, ஆடு என்ற வினையின் எச்சமா? 'ஆடி வெள்ளிக்கிழமை', 'ஆடிக் களைத்தான்' என்று பக்கத்துச் சொல் வந்தால்தான் விடை. 'கட்டி' என்பது வீக்கமாகவும் இருக்கலாம், கட்டும் வேலையாகவும் இருக்கலாம்.

பேச்சுத்தமிழ் வந்துவிட்டால் எழுத்துத்தமிழுக்காக எழுதிய விதிகள் திணறுகின்றன. 'வந்துட்டாங்க' என்பதில் விடு என்ற துணைவினை 'ட்டா' என்று சுருங்கிக் கிடக்கிறது. 'பேசிக்கிட்டிருந்தா' என்பதில் கொள் இருந்த இடத்தில் 'கிட்டு' உட்கார்ந்திருக்கிறது. கடைசி ளகரமும் விழுந்துவிட்டதால் 'இருந்தால்' என்பதன் சுருக்கம் போலவும் ஒலிக்கிறது. பேச்சு வழக்கில் எழுதிய கதையிலிருந்து வினைகளைத் தொகுப்பவர்கள் இப்படிப்பட்ட வாக்கியத்தை முதலில் எழுத்து வழக்கில் ஒருமுறை எழுதிக்கொண்டு, அதன் பிறகே பகுதி தேடத் தொடங்குவது பாதுகாப்பானது.