பிழைகளை வரிசைப்படுத்தும் வரைபடம்

ஐதராபாத்தின் குகட்பள்ளி வழியே செல்லும் மும்பை நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிச் சென்றால், இராமச்சந்திராபுரத்தில் பாரத மிகுமின் நிறுவனத்தின் ஆலையைக் காணலாம். இந்தியாவில் ‘தர வட்டம்’ என்னும் முறை 1980ஆம் ஆண்டில் அங்குதான் தொடங்கப்பெற்றது. ஒரே பிரிவில் பணிபுரியும் தொழிலாளர் சிலர் குறித்த நேரத்தில் கூடி, தம் வேலையில் நேரும் பிழைகளைத் தாமே ஆராய்ந்து தீர்வு காண்பது அம்முறை. அவர்கள் கையாளும் கருவிகளுள் எளிய ஒன்று பரேட்டோ வரைபடம். அதனை வரையப் பென்சிலும் கட்டமிட்ட தாளும் போதும்.

எல்லாப் பிழைகளையும் ஒரே நாளில் திருத்த இயலாது. எதை முதலில் எடுத்துக்கொள்வது என்று கேட்டால், நேற்று நேர்ந்த பிழையோ, மேலாளர் உரத்துக் கண்டித்த பிழையோதான் பலருக்கும் நினைவுக்கு வரும். வரைபடமோ நினைவை நம்பாமல் எண்ணிப் பார்க்கச் சொல்கிறது.

நீரேற்றும் பம்புகளுக்கான இரும்பு உறைகளை வார்க்கும் சிறிய ஆலை ஒன்றைக் கற்பனை செய்துகொள்க. ஒரு மாதத்தில் 200 உறைகள் பழுதாயின என்று வைத்துக்கொள்வோம். அவற்றுள் 96இல் காற்றுத்துளைகள் இருந்தன. 62இல் மணல் ஒட்டியிருந்தது. 18இல் அச்சு விலகியிருந்தது. 12இல் உருகிய இரும்பு முழுதும் நிரம்பவில்லை. 4இல் விரிசல் கண்டது. எஞ்சிய 8இல் வெவ்வேறு சிறு குறைகள். அவற்றைப் ‘பிற’ என ஒன்றாக்கலாம்.

இவற்றைப் பெரியதிலிருந்து சிறியதாக இடமிருந்து வலமாகத் தூண்களாக வரைதல் வேண்டும். ‘பிற’ விரிசலைவிட உயரமாயினும் இறுதியிலேயே நிற்கும். அது ஒரு தனிப்பிழை அன்று. இடப்பக்க அச்சில் 0 முதல் 200 வரை எண்ணிக்கையையும், வலப்பக்க அச்சில் 0 முதல் 100 வரை விழுக்காட்டையும் குறிக்க. 200உம் 100 விழுக்காடும் ஒரே உயரத்தில் அமைதல் வேண்டும். பின்னர், விழுக்காடுகளைக் கூட்டிக்கொண்டே சென்று புள்ளிகளிட்டு இணைக்க வேண்டும். முதல் தூணில் 48, இரண்டாவதையும் சேர்த்தால் 79, அடுத்து 88, 94, 96, முடிவில் 100. கோடு முதலில் செங்குத்தாக ஏறிப் பின்னர் சாய்ந்து படுத்துவிடுகிறது. ஆறு வகைகளுள் இரண்டே ஏறத்தாழ 80 விழுக்காட்டுப் பழுதுக்குக் காரணம் என்பதை அக்கோடு காட்டுகிறது.

இதைத்தான் ‘எண்பது–இருபது விதி’ என்பர். ஆனால் இங்கே இரண்டு வகைகள் என்பது மூன்றில் ஒரு பங்கு. இருபது விழுக்காடு அன்று. அதனால் குறையொன்றுமில்லை. எண்பது என்பது பழுதுகளின் பங்கு. இருபது என்பது காரணங்களின் பங்கு. வெவ்வேறு பொருள்களின் பங்குகளாதலின் இரண்டும் சேர்ந்து நூறாக வேண்டியதில்லை. இவ்விதி இயற்கை விதியும் அன்று. பலவிடங்களில் காணப்படும் ஒரு சாயல் மட்டுமே.

பெயருக்குரிய வில்பிரெடோ பரேட்டோ இத்தாலியப் பொருளியலறிஞர். மக்களின் வருமானம் சிலரிடமே குவிந்திருப்பதை அவர் 1890களில் எழுதினார். ஆலைப் பழுதுகளைப் பற்றி அவர் எழுதவில்லை. தரவியல் அறிஞர் ஜோசப் ஜூரான்தான் அக்கருத்தை ஆலைக்குக் கொணர்ந்து அவர் பெயரைச் சூட்டினார். அப்பெயர் பொருந்தாது என 1975இல் ஜூரானே ஒரு கட்டுரையில் ஒப்புக்கொண்டார். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இனி, எண்ணிக்கை மட்டுமே போதுமா என்று பார்ப்போம். ஒட்டிய மணலைத் தேய்த்து நீக்க ஓர் உறைக்கு 15 ரூபாய் ஆகுமெனில், 62 உறைகளுக்கு 930 ரூபாய்தான். துளையுள்ள உறையை உருக்கி மீண்டும் வார்க்க 300 ரூபாய் எனில் 96க்கு 28,800 ரூபாய். விரிசல் கடைசல் வேலையெல்லாம் முடிந்தபின்னரே தெரியவருவதால் ஒவ்வொன்றுக்கும் 3,000 ரூபாய் இழப்பு எனில், நான்கிற்கே 12,000 ரூபாய். எண்ணிக்கையில் சிறுத்திருந்த விரிசல், இழப்பில் மணலை வெகுவாக முந்திவிடுகிறது. ஆதலின் தேர்ந்த குழுவினர் எண்ணிக்கைக்கு ஒன்றும் இழப்புக்கு ஒன்றுமாக இரு படங்கள் வரைவர்.

இரண்டிலும் முதலிடம் காற்றுத்துளைக்கே. ஆயினும் துளை ஏன் விழுந்தது என்பதைப் படம் சொல்லாது. அந்த 96ஐ மட்டும் தனியே எடுத்து, வார்த்த நேரப்படி மீண்டும் பிரிக்க வேண்டும். அவற்றுள் 71 காலையின் முதற்சுற்றில் வார்த்தவை எனத் தெரிந்தால், ஐயம் இரவில் மூடாமல் கிடந்த மணலின்மீது விழும். ஈரமணலில் கொதிக்கும் இரும்பு பட்டதும் நீர் ஆவியாகி, வெளியேற வழியின்றி உள்ளேயே குமிழாக உறைந்துவிடும். மாறாக, எல்லா நேரத்திலும் துளைகள் ஒரேயளவாக இருந்தால், தூண்கள் சமமாக நிற்கும். அப்போது நேரம் காரணமன்று. அச்சுப்பெட்டி வாரியாகவோ, இரும்பின் வெப்பநிலை வாரியாகவோ பிரித்துப் பார்த்தல் வேண்டும்.

மணலை மூடி உலரவைத்த பின், அடுத்த மாதமும் அதே வகைகளைக் கொண்டு, அதே அளவுள்ள அச்சில் புதிய படம் வரையப்படும். துளையின் தூண் தாழ்ந்து, மணல் ஒட்டிய உறைகளின் தூண் முதலிடத்துக்கு வந்திருந்தால், மணல் ஒட்டுதல் கூடிவிட்டது என்று பொருளன்று. அது முன்பிருந்த 62 அளவிலேயே நிற்கிறதா என்பதை இரு படங்களையும் அருகருகே வைத்து ஒப்பிட்டே அறிய வேண்டும்.