வாப்பா எழுதிய சிபாரிசுக் கடிதம்

எங்கள் வாப்பா டிக்கோயாப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையின் அதிபர். ஆங்கிலத்தில் எழுத வேண்டிய கடிதம் எதுவானாலும் இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு அவர் கையால் எழுதித் தருவார். நான் தட்டச்சு செய்வேன். இந்த வருட ஆரம்பத்தில் அப்படி வந்ததுதான், அவருடைய பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியைக்கான சிபாரிசுக் கடிதம். அந்த ஆசிரியை பிரித்தானிய அரசின் செவ்னிங் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்து, நேர்முகத் தேர்வுக்குத் தெரிவாகியிருந்தார். ஒரு வருட முதுமாணிப் படிப்புக்கான உதவி அது. தெரிவானவர்கள் இரண்டு சிபாரிசுக் கடிதங்களைத் தாங்களே பதிவேற்ற வேண்டும். ஒன்றைப் பல்கலைக்கழக விரிவுரையாளர் தந்துவிட்டார். மற்றதுதான் வாப்பாவுடையது. (ஆசிரியையிடம் கேட்டு, அவருடைய சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன்.)

வாப்பாவின் முதல் பிரதி பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. 'நல்லொழுக்கமுள்ளவர், கடமை தவறாதவர், கடின உழைப்பாளி, சகலருடனும் இனிமையாகப் பழகுபவர். அவரது எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்.' தட்டச்சு செய்து முடித்தபோது, போன வருடம் பாடசாலையை விட்டு விலகிய ஒரு மாணவனுக்கு நான் அடித்துக்கொடுத்த நற்சான்றிதழ் ஞாபகத்துக்கு வந்தது. பெயரை மாற்றினால் இரண்டும் ஒன்றுதான்! வாப்பாவிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நம்மிடையே 'சிபாரிசு' என்றால் எழுதுபவரின் பெயருக்குத்தான் மதிப்பு. பாராளுமன்ற உறுப்பினரின் கடிதம் என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் வாசிப்பதில்லை. கந்தோர்ப் படிவங்களில் அதிபர் போடும் 'சிபாரிசு செய்கிறேன்' என்ற கையெழுத்து வேறொன்று. அது மேலிடத்துக்கு அனுப்ப ஆட்சேபனை இல்லை என்பதற்கான அடையாளம் மட்டுமே. புலமைப்பரிசில் கடிதம் இந்த இரண்டுமே இல்லை. அதை வாசிக்கப் போகிறவருக்கு வாப்பாவையும் தெரியாது, டிக்கோயாவையும் தெரியாது. விண்ணப்பதாரி தன்னைப் பற்றி ஏற்கனவே கட்டுரைகள் எழுதிக் கொடுத்திருக்கிறார். செவ்னிங்கில் தலைமைத்துவம், பிறருடன் தொடர்பை வளர்த்தல், படிக்க விரும்பும் பாடம், திரும்பி வந்து செய்யப்போகும் வேலை ஆகியவற்றை எழுதச் சொல்கிறார்கள். அந்தச் சொற்கள் உண்மைதானா என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்த இன்னொருவர் சொல்வதுதான் இந்தக் கடிதம். ஆகவே அதிபர் தன் கண்ணால் கண்டதைத்தான் அதில் எழுத வேண்டும்.

மறுநாள் இரவு, "அந்த டீச்சர் செய்ததில் நீங்கள் நேரில் பார்த்தது என்ன வாப்பா?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்ன கதை இது.

அந்தப் பாடசாலையில் விஞ்ஞான ஆய்வுகூடம் இல்லை. பத்தாம் ஆண்டில் நொதியங்கள் பற்றிய பாடம். டீச்சர் ஒரு பிள்ளையிடம் இரண்டு பிடி பச்சைக் கொழுந்து கொண்டுவரச் சொன்னார். ஒரு பிடியைக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துக் கசக்கினார். மற்றதை அப்படியே கசக்கினார். இரண்டையும் தட்டில் வைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். இடைவேளைக்குப் பிறகு பார்த்தால், பச்சையாகக் கசக்கியது செம்பு நிறமாகியிருந்தது. கொதிநீரில் முக்கியது பச்சையாகவே இருந்தது. இலைக்குள் இருக்கும் நொதியம் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்துதான் அந்த நிறத்தைத் தருகிறது. கொதிநீர் அந்த நொதியத்தைக் கெடுத்துவிடுகிறது. கறுப்புத் தேயிலையும் பச்சைத் தேயிலையும் பிரிகிற இடமே இதுதான். தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவரின் மகன், வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை, அன்று எழுந்து கொழுந்து எப்படி வாட்டப்படுகிறது என்று மற்றவர்களுக்கு விளக்கினானாம். வாப்பா அப்போது யன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். பிறகு டீச்சர் தொழிற்சாலை அதிகாரியிடம் தானே போய்ப் பேசி, பிள்ளைகளை உள்ளே கூட்டிச்செல்ல அனுமதி வாங்கினார்.

"இதை எழுதாமல் நல்லொழுக்கம் என்று எழுதினீர்களே!" என்றேன். கடிதத்தின் நடுப்பந்தி முழுவதும் அதுவே ஆனது. தலைமைத்துவம் என்ற சொல்லையோ தொடர்பு என்ற சொல்லையோ தனியாக எழுதத் தேவைப்படவில்லை. தொழிற்சாலை அனுமதியிலேயே இரண்டும் தெரிந்தன.

அடுத்து வந்தது பெறுபேறு. 'சித்தி வீதம் 45இலிருந்து 71 ஆக உயர்ந்தது' என்று வாப்பா எழுதியிருந்தார். கணக்குச் சரிதான். ஆனால் எத்தனை பிள்ளைகள் என்று இல்லாவிட்டால் வாசிப்பவர் நூற்றுக்கணக்கில் நினைத்துக்கொள்வார். அதனால் 29 பேரில் 13 பேர், மூன்று வருடத்தின் பின் 31 பேரில் 22 பேர் என்று மாற்றினோம். அந்தக் காலத்தில் பாடசாலையில் மாலை வகுப்புகளும் நடந்தன. ஆகவே உயர்வு முழுவதும் டீச்சரால் வந்தது என்று சொல்ல முடியாது. அதையும் ஒரு வரியில் எழுதச் சொன்னார் வாப்பா. எனக்கு அது கடிதத்தைப் பலவீனப்படுத்துவதாகத் தோன்றியது. வாப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "இந்த வரியைப் பார்த்தால்தான் மற்ற வரிகளை நம்புவார்கள்" என்றார்.

குறை எழுதுவதா என்பதில்தான் அதிக நேரம் போனது. டீச்சர் எல்லா வேலையையும் தன் தலையிலேயே போட்டுக்கொள்வார். பிறரிடம் பகிர்ந்து கொடுக்க மாட்டார். வாப்பா ஒருமுறை கூப்பிட்டுச் சொன்ன பிறகு, விஞ்ஞானக் கழகத்தை இளைய ஆசிரியர் ஒருவரிடம் ஒப்படைத்திருக்கிறார். குறையை மட்டும் எழுதினால் அது குற்றச்சாட்டு. சொன்னதும் திருந்தினார் என்று சேர்த்து எழுதும்போது, மேற்படிப்பில் பேராசிரியர் திருத்துவதையும் ஏற்றுக்கொள்வார் என்று வாசிப்பவருக்குத் தெரிகிறது. இரண்டு வரியில் எழுதினோம்.

முதல் பந்தியை கடைசியில்தான் எழுதினோம். வாப்பா யார், எத்தனை வருடமாக எந்த நிலையில் டீச்சரைத் தெரியும், பாடசாலை எப்படிப்பட்டது என்பன அதில் வரும். 'வகை 2 பாடசாலை' என்று எழுதியிருந்ததை வெட்டினேன். இலண்டனில் இருப்பவருக்கு அது என்ன விளங்கும்? '11ஆம் ஆண்டு வரை மட்டுமே உள்ள, ஆய்வுகூடம் இல்லாத, தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் படிக்கும் பாடசாலை' என்று எழுதினோம். அப்போதுதான் கொழுந்துப் பாடம் ஏன் பெரிய விடயம் என்று புரியும். எல்லாம் சேர்ந்து ஒரு பக்கத்தைக் கொஞ்சம் தாண்டியது.

கடிதம் முடிந்தும் வாப்பா நான்கு நாட்கள் கையெழுத்துப் போடவில்லை. உம்மாதான் காரணத்தைச் சொன்னார். அந்தப் பாடசாலையில் சாதாரண தரத்துக்கு விஞ்ஞானம் எடுக்க வேறு ஆளில்லை. டீச்சர் போனால் இந்த வருடம் பரீட்சை எழுதும் பிள்ளைகளின் கதி? கடிதத்தைக் கொஞ்சம் சாதாரணமாக எழுதியிருந்தால் அவர் போயிருக்க மாட்டார். யாருக்கும் தெரிந்திருக்கவும் மாட்டாது. அதிபர்களின் கடிதங்களில் இப்படியும் நடக்குமா என்று வாப்பாவிடம் கேட்டேன். பதில் சொல்லாமல் பேனையைத் தேடினார்.

பாடசாலைக்கு அவர் தேவை என்பது வேறு கேள்வி என்று பிறகு விளங்கப்படுத்தினார். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் கற்கை விடுமுறை விண்ணப்பம். அது அதிபர் வழியாக வலயக் கல்விப் பணிமனைக்குப் போகும். அங்கே, பதில் ஆசிரியர் ஒருவர் தேவை என்று அவர் வெளிப்படையாக எழுதலாம். சிபாரிசுக் கடிதத்தில் கேட்கப்படுவது டீச்சர் எப்படிப்பட்டவர் என்பது மட்டும்தான். செவ்னிங் பெற்றவர்கள் படிப்பு முடிந்ததும் தாய்நாட்டில் இரண்டு வருடம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. அதே பாடசாலைக்குத் திரும்ப வேண்டும் என்று இல்லை.

ஐந்தாம் நாள் கையெழுத்துப் போட்டு, பாடசாலை முத்திரையும் குத்தி டீச்சரிடம் கொடுத்தார். டீச்சர் வாசித்துவிட்டு, "சேர், அந்தக் கொழுந்துப் பாடத்தை நீங்கள் பார்த்தது எனக்குத் தெரியாது" என்றாராம். நேர்முகத் தேர்வு முடிந்துவிட்டது, முடிவு இன்னும் வரவில்லை. பதில் ஆசிரியர் கேட்டு வலயத்துக்கு எழுதிய கடிதத்தையும் நான்தான் தட்டச்சு செய்தேன். அது தமிழில் என்பதால் சீக்கிரமே முடிந்தது.