காப்புரிமை விண்ணப்பத்தில் எல்லை வகுத்தல்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களின் கரிசல் மானாவாரி நிலங்களில் மழைக்குப்பின் விதைக்கும்போது, விதைப்பான் குழாயின் வாய் ஈரமண்ணால் அடைபடுவதுண்டு. சாலில் விதை விழவில்லை என்பது பயிர் முளைத்த பிறகே தெரியவரும். விவசாயி ஒருவர் இதற்கு வழி கண்டதாகக் கொள்வோம். விதைப்பானின் சக்கரம் சுழல, சங்கிலியால் இயங்கும் இரும்புக் கம்பியொன்று குழாய்க்குள் மேலும் கீழும் சென்று மண்ணைத் தள்ளிவிடுகிறது. சாகுபடி முறைக்கு நம் நாட்டில் காப்புரிமை இல்லை. இத்தகைய கருவி புதியதாயின் அதற்கு உண்டு.

விண்ணப்பத்துடன் தரும் விவரக்குறிப்பில், கருவியைச் செய்யும் விதம் முதலில் விளக்கப்படும். இறுதியில் வரும் உரிமைக் கோரிக்கைகள், கிரயப் பத்திரத்தின் நான்குமாலைப் போன்றவை. அவற்றுக்கு வெளியே உள்ளது நமதன்று. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி, கோரிக்கைகள் தெளிவாகவும் சுருக்கமாகவும், விளக்கத்தை நியாயமான ஆதாரமாகக் கொண்டும் அமைதல் வேண்டும்.

'சங்கிலியால் இயங்கும் இரும்புக் கம்பி' என்று மட்டும் எழுதினால், அடுத்த ஊர்ப் பட்டறைக்காரர் சங்கிலிக்குப் பதில் பற்சக்கரம் வைத்து எளிதில் தப்பிவிடுவார். இதற்கு அஞ்சி, 'குழாய் அடைபடாமல் தடுக்கும் எந்த அமைப்பும்' என்று எழுதுவது மறுகோடி. காற்றை ஊதி மண்ணை அகற்றுவதும் அதில் அடங்கிவிடும். அதைப்பற்றி நம் விவசாயி ஒரு வரியும் விளக்கவில்லையே!

அமெரிக்காவில் சாயர், மேன் என்னும் இருவர் இவ்வாறே இடறினர். மின்விளக்கின் இழைக்குக் கரியாக்கிய காகிதத்தையும் மரக்கரியையும் பயன்படுத்திய அவர்கள், நார்ப்பொருள் அனைத்துக்கும் உரிமை கோரினர். எடிசனோ ஆயிரக்கணக்கான தாவரப் பொருள்களைச் சோதித்த பின்னரே தக்க மூங்கிலைக் கண்டார். பெரும்பாலானவை பயன்படாதவை என்று தெரிந்தமையால், அப்பரந்த கோரிக்கை செல்லாது என 1895இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் விவசாயியின் முதற் கோரிக்கை இவ்வாறு அமையலாம்: 'விதைக்குழாயினுள் அதன் நீளவாக்கில் நகரும் உறுப்பொன்றும், சக்கரத்தின் சுழற்சியால் அவ்வுறுப்பை முன்பின் இயக்கிக் குழாய்வாயின் மண்ணை வெளித்தள்ளும் இணைப்பும் கொண்ட விதைப்பான்.' இரும்பென்றோ சங்கிலியென்றோ இதில் சொல்லவில்லை. ஆனால் விளக்கப் பகுதியில் சங்கிலியுடன் பற்சக்கரம், கோணல் தண்டு ஆகியவற்றாலும் இயக்கும் விதத்தைப் படத்துடன் எழுதியிருத்தல் வேண்டும். இரண்டு மூன்று வழிகள் காட்டப்பட்டால்தான் 'இணைப்பு' என்ற பொதுச்சொல்லுக்குப் பிடிமானம் கிட்டும்.

அதன்கீழ், 'முதற் கோரிக்கையில் கூறிய விதைப்பான். இணைப்பு சங்கிலியாலானது' என்றாற்போல் குறுகிய கோரிக்கைகளைச் சேர்ப்பது நலம். பழைய கருவி ஏதேனும் வெளிப்பட்டு முதற் கோரிக்கை வீழ்ந்தாலும், இவை நிற்கக்கூடும். கோரிக்கைகள் பத்தைத் தாண்டினால் கூடுதல் கட்டணம் உண்டு.

முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்தபின், அதில் இல்லாத செய்தியைத் திருத்தத்தின்மூலம் நுழைக்க 59ஆம் பிரிவு இடந்தராது. ஆகவே, அனுப்புமுன் கோரிக்கையின் ஒவ்வொரு சொல்லின்மீதும் விரல் வைத்து, அதை விளக்கும் வரி முன்பகுதியில் எங்குள்ளது எனத் தேடிப் பார்க்கவேண்டும். வரி கிடைக்காவிடில் அதை எழுதிச் சேர்க்கவேண்டும். செய்து பார்த்திராத வழியாயின், அச்சொல்லைக் குறுக்கிவிட வேண்டும்.