ஒல்லித் தூணுக்கு ஒரு மேலாடை

ஒன்பது அங்குலத் தூண்களில் நிற்கும் பழைய இரண்டு மாடி வீட்டின் மேல் இன்னொரு மாடி வேண்டுமென்றால், பொறியாளர் தரும் முதல் யோசனை ஜாக்கெட்டிங். தூணைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டி, நாலு பக்கமும் குறைந்தது 100 மி.மீ. கான்கிரீட் போட்டால், 230 மி.மீ. தூண் 430 ஆகிவிடும். அஸ்திவாரம் அதைத் தாங்குமா என்ற கணக்குதான் முதலில்.

வேலை தொடங்குமுன் உத்தரங்களுக்கு ஜாக்கி முட்டுக் கொடுத்து, தூணின் சுமையை இறக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் பழைய சுமை முழுவதும் பழைய தூணிலேயே தங்கிவிடும். அடுத்து தளத்தைத் தோண்டி அஸ்திவாரத்தில் துளையிட்டு, எபாக்ஸி வைத்துக் கம்பிகளை நட வேண்டும். மூலைக் கம்பிகள் தளத்தைத் துளைத்து மேலே போவதும் அவசியம்.

பலரும் கோட்டைவிடுவது ஒட்டில்தான். பூச்சை உரித்தால் போதாது. ஜல்லி தெரியும்வரை கொத்தி, தூசியை ஊதி நீக்க வேண்டும். ஒட்டும் எபாக்ஸியைப் பூசினால், அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே கான்கிரீட் விழ வேண்டும். காய்ந்த எபாக்ஸி ஒட்டாது, பிரித்தே வைக்கும். கம்பி கட்டி, பலகை அடைப்பதற்குள் அது காய்ந்துவிடும் என்றால், எபாக்ஸியே வேண்டாம். முதல் நாள் முழுக்க நனைத்து, மேலே நீர் தேங்காத ஈரத்தில் போடுவதே என் கட்சி.

பலகை பிரித்ததும் சுத்தியலால் தட்டுங்கள். 'டொக்' என்ற வெற்றொலி, பெரும்பாலும் உத்தரத்தின் அடியில்தான் கேட்கும்.