எல்எல்ஆர்: வண்டிச் சாவியைக் கொடுக்கும் முன்

பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு பல வீடுகளில் ஸ்கூட்டர் பேச்சு தொடங்கிவிடுகிறது. கல்லூரி தூரம், பஸ்ஸில் கூட்டம், வீட்டில் வண்டி சும்மாதானே நிற்கிறது என்று காரணங்கள் வரிசையாக வரும். "பதினாறு முடிஞ்சாலே எல்எல்ஆர் போடலாமாமே?" என்ற கேள்வியும் கூடவே வரும். போடலாம்தான். ஆனால் அந்த எல்எல்ஆரை வைத்துக்கொண்டு வீட்டில் நிற்கும் ஸ்கூட்டரை ஓட்ட முடியாது. பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி பைக்கோ காரோ ஓட்ட 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 16 வயதுக்காரர்களுக்குத் தரப்படும் சலுகை, 50 சிசிக்கு மேற்படாத இருசக்கர வண்டிக்கு மட்டும். அதற்கும் பெற்றோர் அல்லது காப்பாளரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும். லூனாவும் டிவிஎஸ் 50யும் தெருவெல்லாம் ஓடிய காலத்தில் இந்தச் சலுகைக்குப் பொருள் இருந்தது. இன்று ஷோரூமில் நிற்கும் ஸ்கூட்டர்கள் 110, 125 சிசி. மொபெட்டே 100 சிசிக்கு வந்துவிட்டது. ஆகவே, பதினாறு வயதில் எடுத்த எல்எல்ஆர் பெரும்பாலும் பீரோவில்தான் இருக்கும். மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் ஓடும், 250 வாட்டுக்கும் குறைந்த திறனுள்ள பேட்டரி வண்டிகளைச் சட்டம் மோட்டார் வாகனமாகவே கருதுவதில்லை. அவற்றுக்கு உரிமமே தேவையில்லை.

"எல்எல்ஆர் இருக்கிறதே, போலீஸ் பிடித்தால் காட்டிக்கொள்ளலாம்" என்று நினைப்பவர்கள் 2019இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவைப் படித்துப் பார்க்க வேண்டும். 18 வயதாகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ அதற்குப் பொறுப்பு. தண்டனை மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. பிள்ளையிடம் எல்எல்ஆர் இருந்து, எந்த வண்டிக்கு அது தரப்பட்டதோ அதே வகை வண்டியை ஓட்டியிருந்தால் பெற்றோருக்கு இந்தப் பிரிவிலிருந்து விலக்கு உண்டு. 50 சிசிக்கான எல்எல்ஆரோடு 110 சிசி ஸ்கூட்டரில் போனால் அந்த விலக்கு கிடைக்காது. இரண்டு ஆண்டு பொறுத்திருப்பதே மேல் என்பது என் கருத்து.

சரி, பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, விண்ணப்பிக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். sarathi.parivahan.gov.in தளத்தில் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால் எல்எல்ஆர் விண்ணப்பம் வரும். வீட்டில் செய்ய வசதி இல்லாதவர்கள் இ-சேவை மையத்துக்குப் போகலாம். ஆதார் வழியாக விண்ணப்பித்தால் பெயர், பிறந்த தேதி, முகவரி, புகைப்படம் எல்லாம் ஆதாரிலிருந்து தானாக வந்து உட்கார்ந்துவிடும். தேர்வையும் ஆர்.டி.ஓ. அலுவலகம் போகாமலே எழுதலாம். வசதிதான். ஆனால் ஆதாரில் உள்ள பிழையும் அப்படியே வந்து உட்காரும்.

நம்மூரில் இந்தப் பிழைக்கு முதல் காரணம் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'மு. கயல்விழி', ஆதாரில் 'கயல்விழி முருகேசன்' என்று இருக்கும். பிறந்த தேதி சிலரின் ஆதாரில் முழுமையாக இருக்காது. ஆண்டு மட்டும் இருக்கும். இவற்றை விண்ணப்பத்துக்கு முன்பே ஆதார் மையத்தில் சரிசெய்துவிடுவது நல்லது. ஆதாரில் பெயரை இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரே ஒரு முறையும்தான் மாற்ற முடியும் என்பதால், பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஓடிபி வருகிற செல்போன் எண்ணையும் பாருங்கள். பிள்ளையின் ஆதாரில் அப்பாவின் பழைய நம்பர் இருந்தால் முதல் படியிலேயே வேலை நின்றுவிடும்.

புகைப்படச் சிக்கலும் இதே வழியில் வருவதுதான். பள்ளி நாளில் எடுத்த படம் ஆதாரில் இருக்கும்; விண்ணப்பிப்பவரின் முகமோ இப்போது ஆளே மாறியிருக்கும். ஆன்லைன் தேர்வில் கேமரா முகத்தை அந்தப் படத்தோடு ஒப்பிடும்போது பொருந்தாமல் போகலாம். ஆதார் இல்லாமல் விண்ணப்பிப்பவர்கள் வயதுக்கும் முகவரிக்கும் தனித்தனியாகச் சான்று காட்ட வேண்டும். பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட் போன்றவை செல்லும். இவர்கள் ஏற்றும் புகைப்படம் 10 முதல் 20 கேபிக்குள் இருக்க வேண்டும். செல்போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் தளம் வாங்காது.

அடுத்தது உடல் தகுதி. 40 வயதுக்கு உட்பட்டவர்கள் சொந்த வண்டி ஓட்டப் படிவம் 1 போதும். அது நாமே நம்மைப் பற்றித் தரும் உறுதிமொழி. வலிப்பு, திடீர் மயக்கம் உண்டா, கை கால் குறைபாடு உண்டா, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா, மாலைக்கண் உண்டா என்று கேட்கும். எல்லாவற்றையும் படிக்காமலே டிக் அடித்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அதில் ஒரு கேள்வியையாவது தெருவில் இறங்கிச் சோதித்துப் பார்க்கலாம்: நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா? நடந்து அளந்தால் சுமார் முப்பத்து மூன்று எட்டு. ஒரு கண்ணை மூடி மற்றதால் படியுங்கள், பிறகு மாற்றிப் படியுங்கள். கண்ணாடி போட்டுப் படித்தாலும் குற்றமில்லை. படிக்க முடியாவிட்டால் போக வேண்டிய இடம் கண் மருத்துவர். லேசான, நடுத்தர நிறக்குருடு உள்ளவர்களும் உரிமம் பெற 2020இல் விதி தளர்த்தப்பட்டிருக்கிறது. ஆகவே அதை மறைக்கத் தேவையில்லை. பொய் சொல்லி வாங்கியது தெரிந்தால் உரிமத்தையே பறிக்கலாம். நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் படிவம் 1ஏ. அதில் பதிவு பெற்ற மருத்துவர் பரிசோதித்துக் கையெழுத்திட வேண்டும்.

கட்டணம் வண்டி வகைக்கு ஒன்றாகக் கணக்கிடப்படுகிறது. ஒரு வகைக்கு எல்எல்ஆர் 150 ரூபாய், தேர்வுக்கு 50 ரூபாய் என்பது மத்திய விதி. நம் மாணவி கியர் பைக், கார் இரண்டையும் கேட்டால் 300-உடன் 50 சேர்ந்து 350 ரூபாய். இதற்கு மேல் சேவைக் கட்டணம் சேரும். இதில் வகையைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கவனம் வேண்டும். கியர் பைக் உரிமம் இருந்தால் ஸ்கூட்டரையும் ஓட்டலாம். கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் எடுத்தால் பைக் ஓட்ட முடியாது. பணம் வங்கியிலிருந்து போய், தளத்தில் கட்டியதாகக் காட்டாமல் இருப்பதும் நடக்கும். பதறி மறுபடி கட்ட வேண்டாம். Verify Pay Status என்பதில் விண்ணப்ப எண்ணைக் கொடுத்துப் பாருங்கள்.

தேர்வு, சாலைக் குறியீடுகளையும் விதிகளையும் பற்றியது. நூற்றுக்கு அறுபது எடுத்தால் தேர்ச்சி. தவறினால் மறுபடி 50 ரூபாய் கட்டி எழுதலாம்.

எல்எல்ஆர் வந்தபின், வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' எழுத்தை வண்டியின் முன்னும் பின்னும் மாட்ட வேண்டும். காரில் உரிமம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பைக்கில் கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக்கூடாது. 30 நாள் கழித்துத்தான் ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியும். எல்எல்ஆர் செல்லுபடியாவது ஆறு மாதம். ஜூன் 10ஆம் தேதி வாங்கினால் ஜூலை 10 முதல் தேர்வுக்கு நாள் கேட்கலாம். டிசம்பர் 9க்குள் தேர்ச்சி பெற்றுவிட வேண்டும். அதன்பின் கிடைக்கும் உரிம அட்டை தமிழ்நாட்டில் தபாலில்தான் வருகிறது. வாடகை வீடு மாறியவர்கள் விண்ணப்பிக்கும் முன்பே ஆதார் முகவரியை மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் அட்டை பழைய வீட்டு வாசலுக்குத்தான் போகும்.