வெப்பமானி காட்டும் எண்ணும் அளந்த இடமும்

நான்கு வயதுக் குழந்தை ஒன்றுக்கு இரவு 8 மணிக்கு அக்குளில் 99.4 டிகிரி பாரன்ஹீட் இருந்தது. பாராசிட்டமால் கொடுத்து, 10 மணிக்குக் காதில் அளந்தபோது 100.4. காய்ச்சல் ஏறிவிட்டதாக அஞ்சிய தாய், நான்கு மணி நேரம் ஆகுமுன்பே மறுவேளை மருந்தைக் கொடுக்க எண்ணினார். ஆனால் மாறியது அளந்த இடமே. காய்ச்சல் ஏறியதற்கு இது சான்றன்று.

மலக்குடல் உடலின் உள்வெப்பத்தை நெருங்கிக் காட்டுகிறது. காதும் ஏறத்தாழ அவ்வாறே. எனினும் கருவி செவிப்பறையை நேராக நோக்காவிடில் எண் குறையும். வாயில் சற்றுக் குறைவாக இருக்கும். சூடான காபி அருந்தியிருந்தால் கூடும். ஆகவே அரைமணி நேரம் கழித்தே அளக்க வேண்டும். அக்குளில் அளப்பது தோலின் வெப்பம். குளிர்நடுக்கத்தில் தோலின் இரத்தக்குழாய்கள் சுருங்குவதால், காய்ச்சல் ஏறும்போதும் அங்கே எண் குறைந்து தோன்றலாம்.

எனவே காய்ச்சலுக்கான எல்லையும் இடத்துக்கேற்ப மாறும்: மலக்குடலிலும் காதிலும் 100.4, வாயில் 100, அக்குளில் 99. மேற்கண்ட இரு அளவுகளும் அவற்றுக்குரிய எல்லையை ஒட்டியே உள்ளன.

இடங்களுக்கிடையே உள்ள வேறுபாடு நிலையானதன்று. ஆகவே மனக்கணக்காக ஒரு டிகிரி கூட்ட வேண்டாம். ஒரே கருவியால் ஒரே இடத்தில் அளந்து, எண்ணுடன் இடத்தையும் நேரத்தையும் குறித்து வாருங்கள். கருவியை மாற்ற நேர்ந்தால், அவ்வேளையில் இரண்டாலும் அளந்து எழுதுங்கள்.

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு மலக்குடலில் 100.4 எட்டினால் உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும். வெள்ளணுக்கள் குறைந்த புற்றுநோயாளிகளுக்கு மலக்குடலில் அளக்கலாகாது.