சாமைப் பொங்கலுக்கும் அளவு உண்டு

பொங்கலன்று சர்க்கரை நோயாளிகள் உள்ள பல வீடுகளில் இப்போது பச்சரிசிக்குப் பதிலாகச் சாமையோ வரகோ பானையில் ஏறுகிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் வெல்லத்தைப் பழைய அளவிலேயே போட்டு, ‘சிறுதானியம்தானே’ என்று இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் தானியத்தை மாற்றியதன் பலன் போய்விடும்.

100 கிராம் பச்சரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. சாமையிலும் 65 கிராம் அளவுக்கு உண்டு. சாமையில் நார்ச்சத்து கூடுதல் என்பதால் ரத்தச் சர்க்கரை சற்று மெதுவாக ஏறும், அவ்வளவுதான். அதுவும் தவிடு நீக்கிப் பளிச்சென்று வெளுத்த சாமையில் குறைந்துவிடும். மங்கிய நிறத்தில் இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். வெல்லமோ பெரும்பகுதி சர்க்கரையேதான். கருப்பட்டிக்கும் அதே கணக்கு.

வழக்கமான சர்க்கரைப் பொங்கலில் 100 கிராம் அரிசிக்கு 150 கிராம் வெல்லமாவது விழும். அதை 60 கிராமாகக் குறைத்தும் ருசியாகச் செய்யலாம். 100 கிராம் சாமை, 50 கிராம் பாசிப்பருப்பு. பருப்பை வாசம் வர வறுத்து, சாமையோடு நான்கு பங்கு தண்ணீரில் வேகவிட வேண்டும். தானியம் நன்றாக வெந்த பிறகே வடிகட்டிய வெல்லப்பாகு சேர வேண்டும். முன்பே ஊற்றினால் சாமை விறைத்துக்கொள்ளும். மத்தால் கடைந்து கூழாக்கவும் கூடாது. குழையக் குழைய மாவுச்சத்து சீக்கிரம் செரித்து, சர்க்கரையும் வேகமாக ஏறும்.

குறைந்த இனிப்பைத் தூக்கிக் காட்ட ஏலக்காய், சுக்கு, துளி பச்சைக் கற்பூரம், ஒரு சிட்டிகை உப்பு. திராட்சையை விட்டுவிட்டு, இரண்டு தேக்கரண்டி நெய்யில் 40 கிராம் பாதாமும் வேர்க்கடலையும் வறுத்துப் போட்டால் மெல்வதற்கும் கிடைக்கும். அவற்றின் கொழுப்பும் புரதமும் செரிமானத்தைச் சற்றுத் தாமதப்படுத்தும்.

இந்தப் பொங்கலைப் பத்துப் பங்காக்கினால் ஒரு பங்கில் சுமார் 15 கிராம் மாவுச்சத்து வரும். ஏறக்குறைய ஒன்றரை இட்லிக்குச் சமம். அளவு என்று பார்த்தால் ஒரு சின்னக் கிண்ணத்தில் நாலைந்து மேசைக்கரண்டி. பழைய முறைப் பொங்கலை ஒரு பெரிய கிண்ணம் சாப்பிட்டால் நான்கு இட்லியைத் தாண்டிவிடும்.

இதை வெறும் வயிற்றில் முதலில் சாப்பிடாமல் அவரை, மொச்சை, பூசணி போட்ட குழம்புக்கும் கூட்டுக்கும் பிறகு சாப்பிடுவது நல்லது. அதற்கு ஈடாக இலையில் சோற்றைக் குறைக்க வேண்டும். பொங்கலுக்காகக் காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவது ஆபத்து. இன்சுலின் போடுபவர்களுக்கும் சில வகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடும். சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள் கொட்டை வகைகளின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் சாப்பிடுவதற்கு முன்பும், சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள். பொதுவாக 180-க்குள் இருக்க வேண்டும். தாண்டினால் மாட்டுப் பொங்கலன்று பங்கைப் பாதியாக்குங்கள். குறித்து வைத்த எண்களை அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.